பித்தவெடிப்பு: வறட்சியா, பூஞ்சையா, சர்க்கரையா?

"அம்மாவுக்கு 59 வயது. உணவங்காடியில் நாள் முழுக்க நின்றபடி வேலை. இரண்டு குதிகாலிலும் பித்தவெடிப்பு, தோல் தடித்துப் போயிருக்கிறது. வலது காலில் அதிகம், லேசாக அரிக்கிறது. ஊரிலிருந்து வாங்கிவந்த ஒரு டியூப் போட்டால் பத்து நாளில் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வந்துவிடுகிறது. கால் வெடித்தால் சர்க்கரை இருக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?"

குதிகால் வெடிப்பை மட்டும் வைத்து ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்ல முடியாது. பித்தவெடிப்பு உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது வெறும் வறட்சிதான். ஆனால் உங்கள் அம்மாவின் விஷயத்தில் நீங்கள் எழுதியதில் மூன்று விவரங்கள் என்னைப் பூஞ்சையின் பக்கம் இழுக்கின்றன: ஒரு காலில் அதிகமாக இருப்பது, அரிப்பு, டியூப் போட்டால் அடங்கி, நிறுத்தினால் திரும்புவது. இது சந்தேகம் மட்டுமே. கண்ணால் பார்த்தே பூஞ்சையை உறுதிசெய்ய அனுபவமுள்ளவர்களாலும் எல்லா நேரமும் முடிவதில்லை, எழுத்தில் படித்துச் சொல்வது அதைவிடக் கடினம். சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் பதில். அதை எப்படியும் செய்துவிடுங்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. வெடிப்பு எந்தக் காரணத்தால் வந்தாலும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் வெடிப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதைச் சுற்றியுள்ள தோல், உள்ளங்காலின் நடுக்குழிவு, விரல் இடுக்கு, நகம், இவற்றோடு அந்த வெடிப்பு வலிக்கிறதா இல்லையா என்பது, இவைதான் கதையைச் சொல்லும்.

குதிகால் ஏன் வெடிக்கிறது என்பது தெரிந்தால் மற்றது எளிதாகப் புரியும். உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது, வியர்வைச் சுரப்பிகள் மட்டும் உண்டு. அங்குள்ள தோலுக்கு ஈரம் கிடைப்பது வியர்வையிலிருந்துதான். குதிகால் எலும்புக்கு அடியில் மெத்தை மாதிரி ஒரு கொழுப்புத் திண்டு இருக்கிறது. நிற்கும்போது உடல் எடை அதை அழுத்த, அது பக்கவாட்டில் பிதுங்கும். மேல்தோல் மெத்தென்று இருந்தால் கூடவே விரிந்து கொடுக்கும். காய்ந்து தடித்துப்போன தோலால் விரிய முடியாது, ஓரத்தில் பிளந்துவிடும். பின்பக்கம் திறந்த சிலிப்பரில் அந்தத் திண்டைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை, ஆகவே இன்னும் அதிகமாகப் பிதுங்கும். பித்தம் ஏறியதாலோ உடல் சூட்டாலோ வருவது இல்லை, பெயர்தான் அப்படி அமைந்துவிட்டது.

இவ்வளவு ஈரப்பதமுள்ள சிங்கப்பூரில் கால் எப்படி வறளும் என்று கேட்பார்கள். காற்றில் ஈரம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் வீட்டுக்குள் வெறுங்காலில் டைல்ஸ் தரையில் நடக்கிறோம், வெளியில் ரப்பர் சிலிப்பர், இரவு முழுக்க ஏர்கான், சூடான தண்ணீரில் நீண்ட குளியல். உணவங்காடியில் வேலை என்றால் இன்னொன்றும் சேரும்: பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் காலில் பட்டுக்கொண்டே இருக்கும். தோல் ஊறி ஊறிக் காய்வது, எப்போதும் காய்ந்தே இருப்பதைவிடக் கெடுதல். ஒவ்வொரு முறை காயும்போதும் தோலுக்குள் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகின்றன.

வெறும் வறட்சி என்றால் எப்படி இருக்கும்? தடிப்பு குதிகாலின் விளிம்பில் ஒரு வளையம் மாதிரி, மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் இருக்கும். உள்ளங்காலின் நடுக்குழிவைத் தொட்டுப் பார்த்தால் அது மிருதுவாக, சாதாரணத் தோலாக இருக்கும். இரண்டு காலிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. விரல் இடுக்கு சுத்தம், நகம் சுத்தம். அரிப்பு பெரிதாக இருக்காது. வெடிப்பு ஆழமானால் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் சுருக்கென்று வலிக்கும். முறையாகக் கவனித்தால் இரண்டே வாரத்தில் நல்ல மாற்றம் தெரியும்.

பூஞ்சை வேறு மாதிரி. சேற்றுப்புண் என்றால் எல்லோருக்கும் விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறிப்போன தோல்தான் நினைவுக்கு வரும். ஆனால் உள்ளங்கால் முழுவதையும் பிடிக்கும் ஒரு வகை உண்டு. அதில் நீர் கசியாது, கொப்புளம் அதிகம் வராது, சிவப்பும் கண்ணில் படாது. வெறும் வறண்ட காலாகவே தெரியும். இதை உண்டாக்குவது பெரும்பாலும் டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சை. படர்தாமரையை உண்டாக்கும் அதே குடும்பம். இந்த வகையைப் பல வருடம் பித்தவெடிப்பு என்றே நினைத்து வாழ்பவர்கள் நிறைய.

இன்று மாலை அம்மாவை உட்காரவைத்து, காலைக் கழுவி நன்றாகத் துடைத்து, அரைமணி நேரம் கழித்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கைப்பேசியின் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். உள்ளங்காலில் இயற்கையாகவே ஓடும் மெல்லிய கோடுகளைக் கவனியுங்கள். பூஞ்சை இருந்தால் கோலமாவு உதிர்ந்து அந்தக் கோடுகளுக்குள் படிந்ததுபோல வெள்ளையாக இருக்கும், குதிகாலில் மட்டும் நிற்காமல் நடுக்குழிவிலும் தொடரும். பாதத்தின் பக்கவாட்டில், ஒரு ஷூவின் விளிம்பு எங்கே வருமோ ஏறத்தாழ அந்த உயரத்தில், சொரசொரப்பான தோல் முடிந்து நல்ல தோல் தொடங்கும் கோடு ஒன்று தெரியும். அந்த எல்லையில் லேசான சிவப்பும் சிறு செதிலும் இருக்கலாம். நம்மவர்களின் தோல் நிறத்தில் அது சிவப்பாக இல்லாமல் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ தெரியும்.

அடுத்து நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் உள்ள இடுக்கு. அதைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விரல்கள் மிக நெருக்கமாக இருக்கும் இடம் அது, ஈரம் அங்கேதான் தங்கும். வெள்ளையாக ஊறியிருக்கிறதா, உரிகிறதா, வாடை வருகிறதா என்று பாருங்கள். பிறகு நகங்கள்: பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, அடியில் தூள் சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். கடைசியாக இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டு காலும் ஒரு கையும் மட்டும் வறண்டு செதிலாக இருப்பது இந்தப் பூஞ்சைக்கே உரிய ஒரு கோலம். காலைச் சொறியும் கைக்கு அது தொற்றிவிடுகிறது, மற்றக் கை தப்பித்துவிடுகிறது. சாதாரண வறட்சி ஒரு கையை மட்டும் தேர்ந்தெடுத்து வராது.

இனி அந்த டியூப். எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். ஊர் மருந்துக்கடைகளில் பூஞ்சை மருந்தும் ஸ்டீராய்டும், சிலவற்றில் ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்த கலவைக் களிம்புகள் சீட்டு இல்லாமலேயே எளிதாகக் கிடைக்கின்றன. மறக்காமல் பெட்டிக்குள் போகும் சாமான்களில் இவையும் ஒன்று, ஊருக்குப் போய்வரும்போது நாலைந்து வாங்கிவந்து வைத்துக்கொள்வார்கள். டியூபின் பின்பக்கத்தில் உள்ள மருந்துப் பெயர்களைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் சில நாளில் அடக்கிவிடும். அதே நேரத்தில் அந்த இடத்தில் உடலின் எதிர்ப்பையும் அடக்குவதால் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாகக் கிளம்பும். மறுபடி டியூப், மறுபடி அடங்கல். அதற்குள் பூஞ்சையின் வழக்கமான எல்லைக்கோடு கலைந்துபோய், மருத்துவருக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு உருமாறிவிடும். நீங்கள் சொல்லும் பத்து நாள் கணக்கு இந்தச் சுழலுக்கு அப்படியே பொருந்துகிறது. வறட்சியால் வந்த எக்சிமாவும் ஸ்டீராய்டில் அடங்கித் திரும்பலாம், அதையும் மறுக்க முடியாது. இரண்டையும் பிரித்துக் காட்டப் பரிசோதனைதான் வேண்டும்.

டியூபை நிறுத்தச் சொல்கிறேன், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. நிறுத்திய முதல் சில நாள்களில் அரிப்பும் சிவப்பும் கூடலாம். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி போட்டுவிட வேண்டாம். அந்த நாள்களுக்கு வெறும் வாசலின் போதும். பலதுறை மருந்தகத்திலோ உங்கள் வட்டாரக் கிளினிக்கிலோ தேதி எடுத்துக்கொள்ளுங்கள். பூஞ்சை மருந்து கடைசியாகப் போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தால் பரிசோதனை முடிவு நம்பகமாக இருக்கும், போட்டுக்கொண்டே போனால் பூஞ்சை இருந்தும் இல்லை என்று வரக்கூடும். பரிசோதனை மிகச் சாதாரணமானது. எல்லைக்கோட்டில் உள்ள செதிலைக் கத்தியின் விளிம்பால் மெல்லச் சுரண்டி எடுப்பார்கள், வலிக்காது. அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டால் தோல் செல்கள் கரைந்து, பூஞ்சையின் இழைகள் மட்டும் நுண்ணோக்கியில் தெரியும். வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பினால் முடிவு வரச் சில வாரம் ஆகும், நான்கு வாரம்கூட ஆகலாம். சுரண்டலில் பூஞ்சை தெரிந்தால் அது இருக்கிறது என்று நம்பலாம். தெரியவில்லை என்றால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. எடுத்த செதில் போதாமல் இருந்திருக்கலாம், தவறான இடத்தில் எடுத்திருக்கலாம். அறிகுறி எல்லாம் பொருந்தி முடிவு மட்டும் பொருந்தவில்லை என்றால் இன்னொரு முறை எடுக்கக் கேளுங்கள்.

பூஞ்சை என்று உறுதியானால் பெரும்பாலும் டெர்பினாஃபின் 1 சதவீதக் களிம்பு, அல்லது குளோட்ரிமசால் 1 சதவீதம் கொடுப்பார்கள். விரல் இடுக்குப் பூஞ்சைக்கு டெர்பினாஃபின் ஒரு வாரத்தில்கூட வேலை செய்துவிடும். தடித்த உள்ளங்காலுக்கு அது போதாது, இரண்டிலிருந்து நான்கு வாரம் வேண்டும். குளோட்ரிமசால் என்றால் தினம் இரண்டு வேளை, குறைந்தது நான்கு வாரம். இங்கே நடக்கும் தவறுகள் இரண்டு. வெடித்த குதிகாலில் மட்டும் பூசுவது ஒன்று. பூஞ்சை உள்ளங்கால் முழுக்க இருக்கிறது, ஆகவே உள்ளங்கால் முழுவதும், பக்கவாட்டில் எல்லைக்கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை தூரமும், எல்லா விரல் இடுக்குகளிலும் பூச வேண்டும். இரண்டாவது, பார்வைக்குச் சரியானதும் நிறுத்திவிடுவது. தடித்த தோலின் அடியில் பூஞ்சை மிச்சம் இருக்கும், அதனால் மருத்துவர் சொன்ன நாள் முடியும்வரை விடக்கூடாது. தடிப்பைக் குறைத்தால்தான் மருந்து உள்ளே இறங்கும் என்பதால் காலையில் பூஞ்சைக் களிம்பு, இரவில் யூரியா களிம்பு என்று பிரித்துப் போடச் சொல்வதுண்டு.

களிம்புக்கு அடங்காவிட்டால் டெர்பினாஃபின் மாத்திரை, பொதுவாக நாளைக்கு 250 மில்லிகிராம் வீதம் இரண்டு வாரம். நகத்திலும் பிடித்திருந்தால் மாதக்கணக்கில் போகும். ஈரல் பிரச்சினை உள்ளவர்களுக்கு ஆகாது, வேறு சில மருந்துகளோடு ஒத்துப்போகாது, எனவே மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். நகத்தில் பூஞ்சை இருப்பதை விட்டுவிட்டுக் காலை மட்டும் குணப்படுத்தினால் அந்த நகத்திலிருந்தே திரும்ப வரும். குளியலறை மிதியடி, சிலிப்பர், காலுறை ஆகியவையும் கவனத்தில் இருக்கட்டும். காலுறையையும் துண்டையும் 60 டிகிரி வெந்நீரில் துவைக்கலாம். ஒரே வீட்டில் அப்பாவின் காலிலும் அதே மாவு படிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டுக்கொண்டிருந்தால் முடிவே இருக்காது.

இப்போது சர்க்கரை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. சர்க்கரை பல வருடம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் நரம்புகள் கெடும். வியர்வையை இயக்கும் நரம்புகள் கெட்டால் பாதம் வியர்க்காது. உள்ளங்காலுக்கு ஈரம் வருவதே வியர்வையிலிருந்துதான் என்று மேலே சொன்னேன், ஆகவே அந்தக் கால் காகிதம் மாதிரி வறளும், வெடிக்கும். கூடவே உணர்ச்சி நரம்புகளும் கெடும், வெடிப்பு ஆழமாகப் போனாலும் வலிக்காது. இந்த இரண்டும் சேர்வதில்தான் ஆபத்து. ஆகவே சர்க்கரையைச் சந்தேகிக்க வைக்க வேண்டியது வெடிப்பு அல்ல, வலிக்க வேண்டிய வெடிப்பு வலிக்காமல் இருப்பது. சிவப்பாகச் சதை தெரியும் அளவுக்குப் பிளந்திருக்கிறது, காலுறையில் ரத்தக்கறை இருக்கிறது, ஆனால் அவருக்குத் தெரியவே இல்லை என்றால் அன்றே கவனிக்க வேண்டும். இரவில் பாதம் எரிவது, ஊசி குத்துவதுபோல இருப்பது, பஞ்சின்மேல் நடப்பதுபோல உணர்வது, சிலிப்பர் காலிலிருந்து கழன்றதே தெரியாமல் நடப்பது, இவையும் நரம்பு கெடுவதைக் காட்டுபவை.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. இப்ஸ்விச் தொடு சோதனை என்று பெயர், கருவி எதுவும் வேண்டாம். அம்மாவைக் கண்ணை மூடிக்கொண்டு படுக்கச் சொல்லுங்கள். தொட்டது தெரிந்ததும் வலது, இடது என்று சொல்ல வேண்டும். உங்கள் ஆள்காட்டி விரலின் நுனியால் அவருடைய கால்விரல் நுனிகளை, ஒரு இறகு படுவதுபோல, ஒன்று இரண்டு நொடி மட்டும் தொடுங்கள். வரிசை இப்படி: வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, தடவக்கூடாது. பலமாக அழுத்தினால் வேறு நரம்புகள் அதை உணர்ந்துவிடும், சோதனை பொய்யாகிவிடும். பதில் வராவிட்டால் அதே இடத்தை மறுபடி தொட்டுப் பார்க்கவும் கூடாது, தெரியவில்லை என்றே கணக்கில் வையுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள், மருத்துவரிடம் போக வேண்டும். அங்கே மோனோஃபிலமென்ட் என்னும் நைலான் இழையாலும் அதிரும் இசைக்கவையாலும் இதையே இன்னும் துல்லியமாகச் சோதிப்பார்கள். ஆறும் தெரிந்துவிட்டால் சர்க்கரை இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நரம்பு கெடும் முன்பே சர்க்கரை வருடக்கணக்கில் ரத்தத்தில் இருக்கலாம். மறுபக்கம், விட்டமின் பி12 குறைவு, முதுகுத்தண்டு நரம்பு அழுத்தம் போன்ற வேறு காரணங்களாலும் உணர்ச்சி குறையும்.

அதனால்தான் ரத்தப் பரிசோதனையை எப்படியும் செய்யுங்கள் என்றேன். சிங்கப்பூரில் இந்தியர்களிடையே சர்க்கரை நோய் சீனர்களைவிட அதிகம், அம்மாவின் வயதும் 59. வெடிப்பே இல்லாமல் இருந்தாலும் இந்த வயதில் சோதித்திருக்க வேண்டும். எட்டு மணிநேரம் வெறும் வயிற்றில் இருந்து எடுக்கும் ரத்தத்தில் குளுக்கோஸ் லிட்டருக்கு 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது சர்க்கரை நோயின் அளவு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்றால், இங்குள்ள வழிகாட்டுதலில் 7.0 சதவீதமும் அதற்கு மேலும் சர்க்கரை, 6.1 முதல் 6.9 வரை இருந்தால் வெறும் வயிற்றுச் சோதனை போன்ற அடுத்த சோதனை தேவை, 6.0 வரை பரவாயில்லை. இணையத்தில் 6.5 என்று படித்திருப்பீர்கள், பல நாடுகளில் அதுதான் எல்லை. இங்கே 6.5 வந்தால் மருத்துவர் இன்னொரு சோதனை கேட்பது இதனால்தான். அறிகுறி இல்லாதவருக்கு முதல் முடிவு அதிகமாக வந்தால் இன்னொரு நாள் திரும்ப எடுத்து உறுதிசெய்வார்கள். அம்மா ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் பதிந்திருந்தால் அந்தக் குடும்ப மருத்துவரிடமே இதைக் கேட்கலாம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பூஞ்சையும் சர்க்கரையும் ஒன்றாகவே இருக்க முடியும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதப் பூஞ்சை எளிதில் வரும், வந்தால் லேசில் போகாது. பூஞ்சை தோலைப் பிளக்கும், பிளவு வழியாக பாக்டீரியா நுழையும், பாதம் வீங்கிச் சிவந்துவிடும். வறட்சி, பூஞ்சை, சர்க்கரை என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியாக இதை நினைத்தால், ஒன்று கிடைத்ததும் மற்றதைத் தேடாமல் விட்டுவிடுவோம்.

பரிசோதனை முடிவு எதுவானாலும் தடித்த தோலைக் கவனிக்க வேண்டியிருக்கும். சர்க்கரை இல்லை, தொடு சோதனையில் ஆறும் தெரிந்தது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மருந்துக்கடையில் யூரியா 20 அல்லது 25 சதவீதம் உள்ள பாதக் களிம்பு கேளுங்கள். 10 சதவீதம் ஈரம் சேர்க்கும், 20க்கு மேல் போனால் தடித்த தோலை இளக்கவும் செய்யும். 40 சதவீதம் மிகவும் தடித்த தோலுக்கும் நகத்துக்கும் உரியது, அதைத் தானாகத் தொடங்க வேண்டாம். வாசலினும் தேங்காயெண்ணெயும் ஏற்கனவே உள்ள ஈரத்தை மூடிவைக்கும், அவ்வளவுதான். காய்ந்த தடிப்பின்மேல் அவற்றைப் பூசினால் காய்ந்த தடிப்பையே மூடிவைத்ததாகும். பூசியும் பயனில்லை என்று பலர் சொல்வது இதனால்தான்.

வெடிப்பு ஆழமாகப் பிளந்து சதை தெரிந்தால் யூரியாவை உடனே தொடங்காதீர்கள், கடுமையாக எரியும். முதல் நான்கைந்து நாள் பிளவை வாசலினால் நிரப்பி, வெடிப்பின் இரு பக்கத்தையும் ஒன்றாக இழுத்துப் பிடிக்கும்படி குறுக்காக மருத்துவ டேப் ஒட்டுங்கள். ஓரங்கள் ஒட்டிய பிறகு யூரியா. இரவில் காலை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, தோல் இன்னும் சற்று ஈரமாக இருக்கும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பூச வேண்டும். ஆள்காட்டி விரலின் நுனிக்கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அது ஒரு குதிகாலுக்குப் போதும். விரல் இடுக்கில் பூசக்கூடாது, அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சைக்கு வசதி. மேலே பருத்திக் காலுறை போட்டுப் படுக்கட்டும். தினமும் செய்தால் இரண்டு வாரத்தில் மாறும். மாறிய பின்னும் வாரத்துக்கு மூன்று நாளாவது தொடர வேண்டும், தோல் மறுபடி தடிக்கும் வேலையை நிறுத்துவதே இல்லை.

தடித்த தோலைத் தேய்த்து உரைப்பதற்கு வாரம் ஒருமுறை போதும். நுரைக்கல்லோ பாத அரமோ எதுவாக இருந்தாலும் குளிப்பதற்கு முன், காய்ந்த காலில், ஒரே திசையில் பத்துப் பதினைந்து முறை. நீண்ட நேரம் ஊறவைத்த தோலில் எவ்வளவு போகிறது என்று கைக்குத் தெரியாது, அளவுக்கு மீறிப் போய்விடும். அதிகம் உரைத்தால் தோல் தன்னைக் காத்துக்கொள்ள முன்பைவிட வேகமாகத் தடிக்கும். பிளேடு வைத்துச் சீவுவதை யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. மஞ்சளும் மருதாணியும் பூசுவதால் வெடிப்பு ஆறும் என்று நம்பிச் செய்கிறார்கள். மருத்துவரிடம் போகும் வாரத்திலாவது அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். சாயம் ஏறிய தோலில் சிவப்பு இருக்கிறதா என்று யாராலும் பார்க்க முடியாது. வேலைக்கு, பின்பக்கம் மூடிய, தண்ணீர் புகாத ஷூ வாங்கிக் கொடுங்கள். மாற்றுக்கு இன்னொரு ஜோடியும் இருந்தால் ஒன்று காய்வதற்கு ஒரு நாள் கிடைக்கும்.

சர்க்கரை இருப்பது தெரிந்தாலோ தொடு சோதனையில் தவறினாலோ இந்த முறை மாறும். காலை ஊறவைக்கக் கூடாது. தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்க வேண்டும். தானாக உரைக்கக் கூடாது, அதைப் பாத சிகிச்சையாளர் செய்யட்டும், பலதுறை மருந்தகம் மூலமாக அவரிடம் அனுப்புவார்கள். சாலிசிலிக் அமிலம் உள்ள கால் ஆணிப் பிளாஸ்திரிகளை வீட்டிலேயே வைக்காதீர்கள், உணர்ச்சி இல்லாத காலில் அது நல்ல தோலையும் அரித்துப் புண்ணாக்கிவிடும். யூரியா களிம்பைப் பிளவு இல்லாத தோலில் பூசலாம். கோயிலுக்குப் போகும்போது நண்பகல் வெயிலில் சூடேறிய கல்தரையில் நடந்துவிட்டு வந்தால் உள்ளங்காலைப் பார்ப்பது கட்டாயம், கொப்புளம் வந்ததே அவர்களுக்குத் தெரியாது. குனிந்து பார்க்க முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடி வைத்து அதன்மேல் பாதத்தைத் தூக்கிப் பார்க்கலாம்.

சிவப்பு பரவுவது, ஒரு கால் மற்றதைவிடச் சூடாக இருப்பது, வீக்கம், சீழ், துர்நாற்றம், தோல் கறுப்பது, காய்ச்சல், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர் என்றால் இரவானாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கே போகலாம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

இந்த மூன்றிலும் சேராத காரணங்களும் உண்டு. தடிப்பின் ஓரம் வெட்டிவைத்ததுபோலத் தெளிவாக, முழங்கையிலும் தலையிலும் வெள்ளிச் செதிலோடு இருந்தால் சொரியாசிஸ். உடம்பெல்லாம் வறட்சி, சோர்வு, மலச்சிக்கல், எடை கூடுவது என்று சேர்ந்து வந்தால் தைராய்டு. மாதவிடாய் நின்ற வயதில் குதிகால் தடித்து வெடிப்பது தனியாகவும் வருவதுண்டு. ஆறு வாரம் சரியாகக் கவனித்தும் மாறாவிட்டால் தோல் மருத்துவரிடம் அனுப்பக் கேளுங்கள்.

அம்மாவை அழைத்துப் போகும் நாளன்று அந்த டியூபையும் பெட்டியோடு எடுத்துப் போங்கள். பெட்டி இல்லாவிட்டால் பின்பக்க எழுத்துகளைப் படமெடுத்துக்கொள்ளுங்கள், எத்தனை மாதமாக, எவ்வளவு இடைவெளியில் போட்டார் என்பதையும் குறித்து வையுங்கள். அன்று காலில் எந்தக் களிம்பும் எண்ணெயும் பூச வேண்டாம், உரைக்கவும் வேண்டாம். சுரண்டி எடுக்க அவர்களுக்குத் தேவையானது நீங்கள் தேய்த்து எடுத்துவிட நினைக்கும் அந்த வெள்ளை மாவுதான்.